பாட்டியின் முகம் குவில்லிங்கில்: நிறம், வடிவம், ஒட்டும் வரிசை

“பாட்டியோட பழைய ஸ்டுடியோ போட்டோ ஒண்ணு இருக்கு, கறுப்பு வெள்ளை. அதைப் பார்த்து குவில்லிங்ல, அதான் காகித ஸ்ட்ரிப்பைச் சுருட்டி ஒட்டற வேலையில, செய்யணும்னு ஆசை. கம்மல், வாழ்த்து அட்டை எல்லாம் செய்வேன், முகம் செஞ்சதில்ல. தோலுக்கு எந்தக் கலர் ஸ்ட்ரிப் வாங்கறது? கன்னம், நெத்திக்கெல்லாம் எந்தக் காயில், அதாவது எந்தச் சுருள்? எதை முதல்ல ஒட்டணும்? ஏ4 அட்டை போதுமா? வீடு கடலூர் தேவனாம்பட்டினம்.”

கடைசியாகக் கேட்ட அளவிலிருந்து தொடங்குகிறேன். மற்ற எல்லா முடிவுகளும் அதைப் பிடித்துத்தான் நிற்கின்றன. நேராகப் பார்க்கும் முகத்தில் முக அகலம் ஏறக்குறைய ஐந்து கண் அகலம் இருக்கும். கண்ணின் கருவட்டம் கண் அகலத்தில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கு. தோள் வரை தெரிகிற படத்தை ஏ4 அட்டையில் வைத்தால் முகம் 8 அல்லது 9 செ.மீ. அகலம்தான் கிடைக்கும். அப்போது கண் 1.7 செ.மீ., கருவட்டம் 7 மி.மீ., நடுவில் கண்பாப்பா 3 மி.மீ. கம்மல் செய்கிற கைக்கு 3 மி.மீ. டைட் காயில் ஒன்றும் பெரிய காரியம் இல்லை. ஆனால் அதைச் சுற்றி இமைக்கோடு, வெள்ளை விழி, இமையின் நிழல் எல்லாம் அதே 1.7 செ.மீ.க்குள் நெருக்கியடித்து உட்கார வேண்டும். அரை மி.மீ. நகர்ந்தாலும் பார்வை மாறிவிடும். ஏ3 அட்டை எடுத்து முகத்தை 13 செ.மீ. அகலம், முன்நெற்றியிலிருந்து தாடை வரை 18 செ.மீ. உயரம் வைத்தால் கண் 2.6 செ.மீ. வரும், கருவட்டம் 1 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். முதல் முகத்துக்கு இதுவே சரியான அளவு. ஏ4தான் வேண்டுமென்றால் தோள், கொண்டை, பூ எல்லாவற்றையும் வெட்டிவிட்டு முகத்தை மட்டும் அதே 13 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள். கீழே சொல்லும் கணக்கெல்லாம் இந்த 13க்கு 18 முகத்துக்கானது.

படத்தை ஸ்கேன் செய்ய வழியில்லையென்றால் திண்ணை நிழலில் வைத்து, பிளாஷ் இல்லாமல், போனை நேர் மேலே பிடித்து எடுங்கள். அந்தக் காலத்து ஸ்டுடியோ படங்களில் ஒரு வசதி உண்டு. விளக்கு பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்து விழும், அதனால் மூக்குக்கு ஒரு பக்கம் நிழல் இருக்கும். குவில்லிங்கில் மூக்கு என்பதே அந்த நிழல்தான். நேர் பிளாஷில் எடுத்த பாஸ்போர்ட் படத்தில் அது இருக்காது. எவ்வளவு திறமையாக ஒட்டினாலும் அதில் மூக்கு எழும்பாது, வேறு படம் தேடுவதுதான் வழி. இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பழைய நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரின்ட் எடுத்த படங்கள் உண்டு. வழக்கமான கட்டில் முந்தானை இடத்தோளில் விழும், அதாவது படத்தைப் பார்க்கிற நமக்கு வலப்பக்கம். அது மாறியிருந்தால் மூக்குத்தி எந்தப் பக்கம் குத்தியிருந்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். சில கட்டுகளில் முந்தானை வலத்தோளிலேயே வரும் என்பதால் முந்தானையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

அடுத்து படத்தை ஐந்து சாயல்களாகக் குறைக்க வேண்டும். கம்ப்யூட்டரில் GIMP இருந்தால் முதலில் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாவிட்டால் கறுப்புக் கூந்தலும் வெள்ளைப் பின்னணியும் இரண்டு சாயல்களைத் தின்றுவிடும், முகத்துக்கு மிஞ்சுவது மூன்றுதான். பிறகு `Colors → Desaturate → Desaturate` போட்டால் பழுப்பேறிய நிறம் போகும். `Colors → Levels` கொண்டு மங்கிய இடங்களைத் தெளிவாக்குங்கள். `Filters → Blur → Gaussian Blur` கொஞ்சமாகக் கொடுத்தால் புள்ளிகளும் கீறல்களும் அடங்கும். கடைசியில் `Colors → Posterize` சென்று எண்ணிக்கையை 5 என்று வையுங்கள். முகம் ஐந்து தட்டையான திட்டுகளாகப் பிரிந்துவிடும். மிக வெளிச்சமானதற்கு 1, மிக இருட்டானதற்கு 5 என்று எண் கொடுங்கள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய திட்டுகளைப் பக்கத்துத் திட்டோடு சேர்த்துவிடுங்கள். கண், நாசித்துளை, உதடு சந்திக்கும் கோடு ஆகிய மூன்று இடங்களில் மட்டும் சேர்க்கக் கூடாது. கம்ப்யூட்டர் இல்லையென்றால் ஏ3 ஜெராக்ஸ் எடுத்து, மேலே பட்டர் பேப்பர் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தபடி திட்டுகளின் எல்லையைப் பென்சிலால் வரையலாம். மெதுவான வேலைதான், ஆனால் முகம் மனதில் நன்றாகப் பதியும்.

ஸ்ட்ரிப் நிறத்துக்கு வருகிறேன். இங்கேதான் பலருக்குக் கை தவறுகிறது. கடையில் நாம் பார்ப்பது ஸ்ட்ரிப்பின் முகப்பு நிறம். ஒட்டிய பிறகு தெரிவதோ அதன் விளிம்பு. விளிம்பை நிறுத்தி அடுத்தடுத்து வைக்கும்போது இடுக்கில் நிழல் தேங்குவதால் அதே நிறம் ஒரு படி இருட்டாகத் தெரியும். எனவே படத்தில் வேண்டிய சாயலைவிட ஒரு படி வெளிறிய ஸ்ட்ரிப்பையே எடுக்க வேண்டும். அடுத்தது, மேலே மட்டும் நிறம் அச்சிட்ட காகிதத்தின் நடுப்பகுதி வெள்ளையாக இருக்கும். ஒரு ஸ்ட்ரிப்பைக் கிழித்துப் பாருங்கள். கிழிந்த இடத்தில் வெள்ளை தெரிந்தால் அது முகத்துக்கு உதவாது, எத்தனை அழகான பழுப்பாக இருந்தாலும் ஒட்டிய பிறகு சாம்பல் பூத்தது போலாகிவிடும். கூழிலேயே நிறம் கலந்த காகிதம்தான் வேண்டும். புதுச்சேரி ஆசிரமத்துக் கைக்காகிதத்தை ஸ்ட்ரிப்பாக வெட்டலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. பருத்தி நார் என்பதால் வெட்டிய விளிம்பில் பிசிறு நிற்கும், முகத்தின் மெல்லிய கோடுகளுக்கு ஒத்துவராது. பின்னணித் தாளாக வைத்தால் மிக நன்றாக இருக்கும்.

கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் தோல் நிறத்தை நீங்கள்தான் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள். பாக்கெட்டில் ஸ்கின் கலர் என்று விற்கிற இளஞ்சிவப்பு கலந்த ஸ்ட்ரிப்பை ஒதுக்கிவிடுங்கள். நம்மூர் முகத்துக்கு அது பொம்மை நிறம். 1க்கு சந்தனம், 2க்கு பிஸ்கட், 3க்கு கேரமல் பழுப்பு, 4க்கு செங்கல் சாயல் கலந்த பழுப்பு, 5க்கு காப்பிக்கொட்டை நிறம் என்று வைத்துப் பாருங்கள். பாட்டி மாநிறத்தைவிடக் கறுப்பு என்றால் சந்தனத்தை விட்டுவிட்டு பிஸ்கட்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் ஒரு படி கீழே இறக்குங்கள், கடைசிக்கு கறுப்பை ஒட்டிய அரக்கு வரும். நிழலுக்குச் சுத்தக் கறுப்பு வேண்டாம். கன்னத்து நிழலில் கறுப்பு ஸ்ட்ரிப் ஒன்று வந்தாலும் கரி பூசியது போலிருக்கும். கறுப்பு, பாப்பாவுக்கும் மேல் இமைக்கோட்டுக்கும் கூந்தலுக்கும் மட்டும்.

இந்த ஐந்தும் உண்மையில் ஐந்து படிகளாக இறங்குகின்றனவா என்பதைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்க முடியாது. செங்கல் சிவப்பும் நடுத்தரப் பழுப்பும் பார்வைக்கு வேறு வேறு, சாம்பல் அளவில் இரண்டும் ஒன்றாகவே இருக்கக்கூடும். அதற்கு மாதிரிச் சதுரம் செய்து பாருங்கள். ஒவ்வொரு நிறத்திலும் 2 செ.மீ. சதுரம், ஸ்ட்ரிப்புகளை விளிம்பு மேலே தெரிய நிறுத்தி ஒட்டியது. ஒரு ஸ்ட்ரிப்புக்கும் அடுத்ததற்கும் 1 மி.மீ. இருக்கும்படி ஒன்று, 2 மி.மீ. ஒன்று, 3 மி.மீ. ஒன்று. எல்லாவற்றையும் வரிசையாக வைத்து போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுங்கள். பக்கத்துப் பக்கத்து நிறங்கள் இரண்டு ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒன்றை மாற்றியே ஆக வேண்டும். இதில் இன்னொரு உண்மையும் தெரியவரும். நிறத்தை மாற்றாமல் இடைவெளியை மட்டும் மாற்றினாலே சாயல் மாறும். இடைவெளி கூடக்கூட அடியில் இருக்கும் தாளின் நிறம் மேலே வரும். அதனால் முகம் வருகிற இடத்தில் வெள்ளை அட்டையை அப்படியே விடக்கூடாது. முக வடிவத்தில் பிஸ்கட் நிறத் தாள் ஒன்றை வெட்டி முதலில் ஒட்டிவிடுங்கள். வெளிச்சமான இடங்களில் அந்த அடித்தாளே பாதி வேலையைச் செய்துவிடும்.

எத்தனை ஸ்ட்ரிப் வேண்டும் என்பதையும் இதிலிருந்தே கணக்கிடலாம். 13க்கு 18 முட்டை வடிவ முகம் ஏறக்குறைய 184 ச.செ.மீ. பரப்பு. பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த முகத்தில் சாயல் 5 பத்தில் ஒரு பங்கு, 4 பத்தில் இரண்டு, 3ம் 2ம் மும்மூன்று, 1 ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் படத்தில் எவ்வளவு என்று திட்டுகளைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். 5ஐயும் 4ஐயும் 1 மி.மீ. நெருக்கத்திலும், 3ஐ ஒன்றரை மி.மீ.யிலும், 2ஐ 2 மி.மீ.யிலும், 1ஐ 3 மி.மீ.யிலும் ஒட்டினால் மொத்தம் பன்னிரண்டரை மீட்டர் ஸ்ட்ரிப் வேண்டும். 40 செ.மீ. நீள ஸ்ட்ரிப் என்றால் சாயல் 5க்கு ஐந்து, 4க்கு ஒன்பது, 3க்கு ஒன்பது, 2க்கு ஏழு, 1க்கு இரண்டு. கழிவுக்கும் திருத்தத்துக்கும் சேர்த்து எல்லாவற்றிலும் கால் பங்கு அதிகமாக வைத்துக்கொண்டால் நாற்பது. முகத்துக்கு ஆகும் செலவு பலர் நினைப்பதைவிடக் குறைவுதான், கூந்தலும் புடவையும்தான் பாக்கெட்டைக் காலி செய்யும். ஒரே நிறப் பெயரில் வரும் இரண்டு பாக்கெட்டுகள் சாயலில் சற்று மாறுவதுண்டு, முகத்துக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். அகலம் 5 மி.மீ. போதும். 3 மி.மீ. கழுத்துக்கும் பூவுக்கும் நகைக்கும். 10 மி.மீ. ஸ்ட்ரிப் முகத்தில் வேண்டாம், சாய்ந்து சாய்ந்து விழும், நிழலும் அளவுக்கு மீறி விழும்.

கன்னத்துக்கு எந்தக் காயில் என்ற கேள்விக்கு என் பதில், எந்தக் காயிலும் வேண்டாம் என்பதே. கண் எப்போதும் வட்டத்தைத்தான் முதலில் பிடிக்கும். கன்னத்தில் லூஸ் காயில்களை நிரப்பினால் பார்ப்பவருக்குக் கன்னம் தெரியாது, நாற்பது வட்டங்கள் தெரியும், அம்மைத் தழும்பு மாதிரி. முகம் முழுவதையும் 4 மி.மீ. அளவில் ஒரே மாதிரியான டைட் காயில்களால் புள்ளி புள்ளியாக நிரப்பி அழகாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு நூற்றுக்கணக்கான காயில்கள் ஒரே அளவில் வர வேண்டும், முகமும் இன்னும் பெரிதாக இருக்க வேண்டும். எனவே இது என் விருப்பம், விதி அல்ல. ஆனால் முதல் முகத்துக்கு ஸ்ட்ரிப்பை விளிம்பில் நிறுத்தி, தோலின் வளைவோடு ஓடவிடுவதுதான் கைகொடுக்கும். நெற்றியில் புருவத்துக்கு இணையாக மெல்லிய வில்கள். கன்னத்தில் கன்ன எலும்பைச் சுற்றி இறங்கும் வளைவுகள். தாடையில் கிண்ணம் போல மேல்நோக்கிய வளைவுகள். முழு நேர்கோடாக எந்த ஸ்ட்ரிப்பும் நிற்காது, விழுந்துவிடும். ஒட்டுவதற்கு முன் டூலின் தண்டில் ஒருமுறை இழுத்து லேசான வளைவு கொடுத்துவிட்டால் தானாக நிற்கும்.

ஸ்ட்ரிப் ஓடும் திசையும் சாயலை மாற்றும் என்பதை மறக்க வேண்டாம். வீட்டில் டியூப்லைட் சுவரின் மேல்பக்கம் இருக்கும். குறுக்காக ஓடும் ஸ்ட்ரிப்புகள் அந்த வெளிச்சத்தை மறித்துத் தங்களுக்குக் கீழே நிழல் விழச் செய்யும். மேலிருந்து கீழாக ஓடும் ஸ்ட்ரிப்புகள் மறிக்காது. அதனால் ஒரே பிஸ்கட் நிறம் நெற்றியில் இருட்டாகவும் கன்னத்தின் ஓரத்தில் வெளிச்சமாகவும் தெரியும். நெற்றிக்கு இடைவெளியை அரை மி.மீ. கூட்டினால் இது சரியாகும். வேலை செய்யும்போது அட்டையை அடிக்கடி தூக்கி, மாட்டப் போகிற சுவரில் சாய்த்து வைத்துப் பாருங்கள். மேசையில் படுத்திருக்கும் முகமும் சுவரில் நிற்கும் முகமும் வேறு வேறாகத் தெரியும்.

இரண்டு சாயல்கள் சேரும் எல்லையில் கோடு போட்டது போல வெட்டுத் தெரிந்தால், அங்கே ஒரு செ.மீ. அகலத்துக்கு இரண்டு நிறங்களையும் ஒன்றுவிட்டு ஒன்றாக வையுங்கள். இரண்டடி தள்ளி நின்றால் இடைப்பட்ட சாயல் தானே வந்துவிடும். பாட்டியின் முகச் சுருக்கங்களுக்கும் இதே வழிதான். மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பைக் காப்பி நிறத்தில் ஒரே கோடாக வைத்தால் முகம் கோபமாகிவிடும், வயதும் பத்து கூடும். அந்த இடத்தில் சுற்றியிருப்பதைவிட ஒரே ஒரு படி இருட்டான ஸ்ட்ரிப் இரண்டை நெருக்கி வைத்து, கீழ்முனையில் இடைவெளியை விரித்து அடித்தாளில் கரையவிடுங்கள். நெற்றிக் கோடுகளுக்கு ஒரு ஸ்ட்ரிப்பைக் கூட்ட வேண்டியதில்லை, ஒன்றை எடுத்துவிட்டு இடைவெளி விட்டாலே கோடு தெரியும்.

கண்ணைத் தனியாகச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். 5 மி.மீ. அகலக் கறுப்பு ஸ்ட்ரிப்பில் 8 செ.மீ. எடுத்து இறுக்கிச் சுற்றினால் ஏறக்குறைய 4 மி.மீ. பாப்பா கிடைக்கும். அதன் முனையில் அடர் பழுப்பு ஸ்ட்ரிப்பை ஒட்டித் தொடர்ந்து சுற்றுங்கள். 40 செ.மீ. கொண்ட முழு ஸ்ட்ரிப் ஒன்று முடியும்போது 1 செ.மீ. கருவட்டம் வந்திருக்கும். காகிதத்தின் தடிமனும் கையின் இறுக்கமும் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே முதல் கண்ணை அளந்து பார்த்து, எத்தனை செ.மீ. ஆனது என்று குறித்துக்கொண்டு, இரண்டாவதை அதே நீளத்தில் சுற்றுங்கள். ஸ்லாட்டட் டூல் நடுவில் விடும் ஓட்டை பாப்பாவில் தெரியும். ஊசியில் சுற்றினால் ஓட்டை சிறுக்கும், இல்லையென்றால் மேலே சிறு கறுப்புத் தாள் வட்டம் ஒட்டி மறைக்கலாம். சாதாரணமாகத் திறந்திருக்கும் கண்ணில் கருவட்டம் முழுதாகத் தெரிவதில்லை, மேல்பகுதியை இமை மூடியிருக்கும். முழு வட்டத்தையும் காட்டினால் பாட்டி எதையோ கண்டு திடுக்கிட்டது போலாகிவிடும். அதனால் சுற்றியதன் பின்பக்கம் பசை தடவி, நன்றாகக் காய்ந்ததும், மேல் ஐந்தில் ஒரு பங்கைக் கூர்மையான பிளேடால் நேராக வெட்டி எடுத்துவிட்டு, அந்த வெட்டின் மேல் கறுப்பு இமைக்கோட்டை உட்காரவையுங்கள். மேல் இமைக்கு இரண்டு மூன்று கறுப்பு ஸ்ட்ரிப் சேர்ந்து. கீழ் இமைக்கு ஒரே ஒரு காப்பி நிற ஸ்ட்ரிப், அதுவும் மூக்கோரம் சேராமல் விட்டால் நல்லது. விழியின் வெள்ளைக்குச் சுத்த வெள்ளை வேண்டாம், தந்த நிறமோ மிக வெளிறிய சாம்பலோ போடுங்கள். ஒளிப்பொட்டுக்கு வெள்ளை ஸ்ட்ரிப்பில் ஒரு செ.மீ.யைச் சுருட்டிய சிறு முளை. படத்தில் எந்தப் பக்கம் இருக்கிறதோ, இரண்டு கண்ணிலும் அதே பக்கம். ஒன்று இடமும் ஒன்று வலமுமாகப் போனால் மாறுகண் போலத் தெரியும்.

ஒட்டும் வரிசைக்கு ஒரே அடிப்படைதான். நம் கண்ணுக்கு அருகில் இருப்பதைக் கடைசியில் ஒட்ட வேண்டும். கண், கழுத்து, காது மட்டும் இதற்கு விலக்கு. படத்தை அட்டையில் கார்பன் வைத்து நகலெடுத்து, பின்னணித் தாளையும் முக அடித்தாளையும் ஒட்டிக் காயவிட்ட பிறகு, செய்து வைத்த இரண்டு கண்களையும் பசை இல்லாமல் வைத்துப் பாருங்கள். போனில் படம் எடுத்து மூலப் படத்தோடு ஒப்பிட்டு, நகர்த்தி, திருப்தியான பிறகே ஒட்டுங்கள். மற்ற எல்லாவற்றையும் கண்ணிலிருந்துதான் அளக்கப் போகிறீர்கள், அது இடம் மாறினால் பிறகு வருவதெல்லாம் அதோடு மாறும். அடுத்து நாசித்துளைகள், மூக்கின் நிழல் பக்கம், உதடுகள் சந்திக்கும் கோடு. மூக்குக்கு இருபுறமும் கோடு இழுக்க வேண்டாம். நிழல் விழுந்த பக்கத்தில் 3, 4 சாயல்கள் வந்தால் போதும், வெளிச்சப் பக்கம் கன்னத்தோடு கலந்துவிடட்டும். நாசித்துளைக்குக் காப்பி நிறத்தில் சிறு துளி வடிவம், இரண்டும் ஒன்றுக்கொன்று சாய்ந்து. உதட்டுக்குச் செங்கல் நிறமும் அரக்கும். மேல் உதடு கீழ் உதட்டைவிட ஒரு படி இருட்டு.

பிறகு முகத்தை நிரப்பும்போது இருட்டுத் திட்டுகளை முதலில் முடியுங்கள். 5, பிறகு 4, பிறகு 3. உருவத்தைத் தாங்குவது இவற்றின் எல்லைதான். வெளிச்சமான 2ம் 1ம் மீதி இடத்தில் நெகிழ்ந்து உட்கார்ந்துகொள்ளும், இடைவெளியைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம். மாற்றிச் செய்தால் நிழலுக்கு வைத்திருந்த இடம் சுருங்கி, முகம் ஊதிப்போகும். நடுவிலிருந்து வெளியே போங்கள், மூக்கிலிருந்து கன்னம், கன்னத்திலிருந்து தாடை ஓரம். முகத்தைச் சுற்றி முதலிலேயே ஒரு வெளிக்கோட்டை ஒட்டிவிட்டு உள்ளே நிரப்பும் பழக்கம் அட்டை வேலையில் சரி. முகத்தில் அந்தக் கோடு வேலி போல நிற்கும். தாடையின் நிழல் பக்கத்தில் கழுத்தின் இருட்டே எல்லையைக் காட்டிவிடும். அதனால் கழுத்தை முகத்தை முடித்த பிறகு ஒட்டினாலும் அதற்கு 4, 5 சாயல்களையும் 3 மி.மீ. உயர ஸ்ட்ரிப்பையும் பயன்படுத்தினால் முகம் முன்னே வரும்.

அதற்குப் பிறகு காது, பிறகு கூந்தல். நெற்றி ஓரத்தில் வெட்டிய ஸ்ட்ரிப் முனைகள் ஒழுங்கில்லாமல் நிற்கும், கூந்தல் மேலே வந்து அவற்றை மூடிவிடும். மூன்று நான்கு ஸ்ட்ரிப்புகளை ஒரு முனையில் மட்டும் சேர்த்து ஒட்டி, மறுமுனையை விரித்து, வகிட்டிலிருந்து காதை நோக்கி ஓடவிடுங்கள். கறுப்பை மட்டும் போட்டால் தொப்பி மாட்டியது போலிருக்கும். ஐந்துக்கு ஒன்று அடர் சாம்பல் சேருங்கள், நரை இருந்தால் வகிட்டருகே வெளிர் சாம்பல் ஒன்றிரண்டு. கொண்டைக்கு வளைவுகள் சுழன்று ஒரே மையத்தில் முடிய வேண்டும்.

நீங்கள் பழகிய காயில்களுக்கு இனிமேல்தான் வேலை. மல்லிகை மொட்டுக்கு 3 மி.மீ. வெள்ளை ஸ்ட்ரிப்பில் 8 அல்லது 10 செ.மீ. சுற்றி, தளரவிட்டு, ஒரு முனையைக் கிள்ளினால் துளி வடிவம், இரண்டு முனையையும் கிள்ளினால் மார்க்கீஸ் என்கிற கண் வடிவம். இரண்டையும் கலந்து கொண்டையின் மேல் அடுக்குங்கள். புடவைக் கரையில் டைட் காயில்களும் சதுரக் காயில்களும் வரிசையாக வரலாம். உடல் பகுதியில் மடிப்போடு ஓடும் ஸ்ட்ரிப்புகளே போதும், அங்கும் காயில் நிரப்பினால் பார்வை முகத்தை விட்டுப் புடவைக்குப் போய்விடும். தங்க நகைக்கு மெட்டாலிக் ஸ்ட்ரிப் வாங்கும்போது கவனம் தேவை. பளபளப்பு முகப்பில் மட்டும் இருந்தால் சுற்றிய பிறகு மேலே தெரிவது வெள்ளை விளிம்புதான். விளிம்பில் தங்கம் பூசியது என்று தனியாக விற்பதைக் கேளுங்கள், இல்லையென்றால் கடுகு மஞ்சளே மேல். மூக்குத்திக்கு அதில் 3 செ.மீ. சுற்றினால் 3 மி.மீ.க்குள் ஒரு பொட்டு வரும். மூக்கின் ஸ்ட்ரிப்புகளுக்கு மேலே உட்கார வேண்டியது என்பதால் அதுவும் நெற்றிப் பொட்டும் எல்லாவற்றுக்கும் கடைசி.

பசையைப் பொறுத்தவரை சாதாரண வெள்ளைப் பசையே போதும், அளவுதான் முக்கியம். கண்ணாடித் தட்டில் மெல்லிய படலமாகத் தடவி, ஸ்ட்ரிப்பின் அடி விளிம்பை அதில் தொட்டு எடுங்கள். பாட்டிலிலிருந்து நேராகப் பிழிந்தால் பசை இடுக்கில் ஏறி, காய்ந்ததும் மினுங்கும். அதைவிட மோசம், அரக்கும் கறுப்பும் ஈரத்தில் சாயம் விட்டுப் பக்கத்துச் சந்தன நிறத்தில் இறங்கிவிடும், அதைத் துடைக்க வழி கிடையாது. இருட்டு ஸ்ட்ரிப் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் தாளில் அழுத்திப் பாருங்கள், சாயம் விடுகிறதா என்று முன்னமே தெரிந்துவிடும்.

தேவனாம்பட்டினத்தில் கடல் பக்கத்திலேயே இருப்பதால் அட்டையையும் சட்டத்தையும் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஏ3 அளவில் வெறும் அட்டையோ தெர்மாகோல் நடுவில் உள்ள போர்டோ ஈரக்காற்றில் வில்லாக வளையும். வளையும்போது நெற்றியும் தாடையும் முதலில் பிரிந்து எழும்பும். 3 மி.மீ. எம்.டி.எஃப். பலகை எடுத்து, அதன் மேல் மவுன்ட் போர்டு ஒட்டி, பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டிவிட்டால் இருபக்க இழுப்பும் சமமாகி நேராக நிற்கும். ஸ்ட்ரிப்புகளை ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, அன்றைக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள். ஈரம் குடித்த ஸ்ட்ரிப் தொய்ந்துபோகும், நிற்காது. சட்டக்காரரிடம் கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவில் உள்ளளவு 15 மி.மீ. இருக்கட்டும் என்று சொல்லுங்கள். முகம் 5, அதன் மேல் பூவும் நகையும் 3, மீதி இடம் காகிதம் கண்ணாடியைத் தொடாமல் இருக்க. தொட்டால் அந்த இடத்தில்தான் முதலில் பூஞ்சை வரும். பின்பக்க இடுக்குகளைப் பேப்பர் டேப்பால் முழுக்க மூட வேண்டும். கடலைப் பார்த்த சுவரும், வெயில் நேராக விழும் சுவரும் வேண்டாம், சாயக் காகிதத்தில் சிவப்பும் இளஞ்சிவப்பும்தான் சீக்கிரம் வெளுக்கும், உதடு முதலில் போய்விடும். ஒட்டி முடித்த பிறகு குறைந்தது இரண்டு நாள் காயவிட்டே சட்டத்தை மூடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட பசையின் ஈரம் கண்ணாடியின் உட்புறம் பனியாகப் படியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை முடிந்தால் இரண்டு நாள் போதாது. தூசி படாமல் துணி மூடி அறைக்குள் வைத்திருந்து, மழை விட்டு நல்ல வெயில் அடிக்கும் ஒரு வாரம் பார்த்துச் சட்டக்காரரிடம் கொடுங்கள்.